ஏழாயிரம் சொல்லை அறுநூறுக்குள் அடக்கும்போது எதை வைத்துக்கொள்வது

திருகோணமலை மாவட்டத்தில் இல்லாமல் போன தொழில்களைப் பற்றி நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு நூல் போட்டார்கள். ஆளுக்கு இரண்டு பக்கம், ஒரு படம், 600 சொற்கள். எனக்குக் கிடைத்தவர் கிண்ணியாத் துறையில் பாதையில் வேலை செய்த ஒரு பெரியவர். பாதை என்று நான் சொல்வது வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றி அக்கரையில் இறக்கும் மிதவையை. 2009 ஒக்டோபரில் 396 மீட்டர் நீளப் பாலம் திறக்கும்வரை திருகோணமலைக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் வாகனம் போக அதுதான் நேரான வழி.

அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நன்றாகப் பேசுவார். வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் பேசினார். அதை ஒரு சொல் விடாமல் எழுத்தாக்கியபோது 7,200 சொற்கள் வந்தன. அதாவது பன்னிரண்டு சொல்லில் ஒன்றுதான் தங்கும், பதினொன்று போகும். இந்த விகிதத்தில் பழுதான வசனங்களைத் தட்டிவிட்டு, திரும்பச் சொன்னதை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க முடியாது. "வந்து", "என்னண்டா", "விளங்குதா" எல்லாவற்றையும் எடுத்தாலும் அது ஆறாயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை. நல்ல விஷயங்களையே விடவேண்டி வரும். எந்த நல்ல விஷயத்தை விடுவது என்பதுதான் வேலை.

ஆனால் அதற்கு முதல், 600 என்றால் என்ன 600 என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தலைப்பு அதற்குள் அடங்குமா? அறிமுகப் பத்தி? படத்துக்குக் கீழே வரும் வரி? நூலைத் தொகுத்த அண்ணாவிடம் கேட்டேன். "எல்லாம் சேர்த்துத்தான். பக்கத்துக்கு வெளியே ஒரு வரி போனாலும் வடிவமைப்பவர் வெட்டிவிடுவார், அவர் எதை வெட்டுவார் என்று எனக்குத் தெரியாது" என்றார். சரி, அறிமுகத்துக்கு 60, தலைப்புக்கும் பட வரிக்கும் 20 என்று ஒதுக்கினால் காக்காவின் பேச்சுக்கு மிஞ்சுவது 520. இந்த எண்ணிக்கையை முதல் நாளே கையில் வைத்துக்கொள்வது நல்லது. 600 என்று நினைத்துச் சுருக்கிவிட்டு அறிமுகத்துக்காகப் பிறகு 80 சொல்லைப் பிடுங்குவது, முதலில் சுருக்கியதைவிடக் கடினம். அந்த நேரம் எல்லா வசனமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.

கணினி காட்டும் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. எழுத்தாக்கிய கோப்பில் ஒவ்வொரு பேச்சுக்கு முன்னாலும் 00:14:32 என்று நேரம் இருக்கும், பேசுபவரின் பெயர் இருக்கும். அதெல்லாம் சொல்லாகத்தான் எண்ணப்படும். மைக்ரோசொஃப்ட் வேர்டில் இரண்டு பக்கமும் இடம் விட்டு ஒரு சிறு கோடு போட்டால் அந்தக் கோட்டையும் ஒரு சொல் என்று எண்ணிக்கொள்ளும். ஆகவே சுருக்கத் தொடங்கும்போதே நேரங்களும் பெயர்களும் இல்லாத ஒரு பிரதியை வேறாக எடுத்தேன். நேரம் உள்ள மூலப் பிரதியைத் தொடவில்லை. எந்த வசனம் எந்த நிமிடத்தில் வந்தது என்று திரும்பிப் பார்க்க அது வேண்டும்.

அடுத்து, எழுத்தைப் பார்க்காமல் ஒலிப்பதிவை ஒருமுறை முழுதாகக் கேட்டேன். மறுநாள் என் தங்கச்சிக்கு அவர் சொன்னதைக் கதையாகச் சொன்னேன். என் வாயில் தானாக வந்தவை மூன்று விஷயங்கள்: வண்டிகளை எந்த ஒழுங்கில் ஏற்றுவது, துறைவாயில் தண்ணீர் உள்ளே இழுக்கும் நேரத்தையும் வெளியே தள்ளும் நேரத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது, பாலம் திறந்த அன்று அவர் என்ன செய்தார் என்பது. எழுத்தில் பார்த்தால் இவை மூன்றும் சேர்ந்து 1,500 சொல்தான். அவர் அதிக நேரம் பேசியது வேறு. பாதை எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு நிற்கும், அக்கரையில் எந்த பஸ் நிற்கும், பாலம் கட்டும் வேலை எப்போது தொடங்கியது, எவ்வளவு காலம் எடுத்தது, யார் வந்து திறந்தார்கள். அவர் எவ்வளவு நேரம் பேசினார் என்பதை வைத்து அதன் முக்கியத்தைக் கணக்கிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன். நான் கேட்ட கேள்விகளால்தான் பாதி நேரம் அப்படிப் போனது.

அப்புறம் எழுத்துப் பிரதியில் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதிக்கொண்டு போனேன்: இதை வேறு யாரும் சொல்ல முடியுமா? பாலத்தின் நீளம், திறந்த ஆண்டு, பாதை ஓடிய இடம் எல்லாம் வேறு எங்கும் கிடைக்கும். அவர் 700 சொல்லில் சொன்ன அந்த விவரம் அறிமுகப் பத்தியில் என் வசனமாக 14 சொல்லில் அடங்கியது. அறிமுகம் உண்மையில் இதற்குத்தான் உதவும். பேசுபவரின் வாயிலிருந்து பொதுத் தகவலை இறக்கி, அந்த இடத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்கலாம். இரவில் பிரசவ வலியோடு வந்த பெண்ணைப் பாதையில் கொண்டுபோன கதை கேட்க நன்றாக இருந்தது. ஆனால் "நான் பாக்கல்ல மகள், மத்த முறைக்காரர் சொன்னது" என்றுதான் அவர் தொடங்கினார். எந்தத் துறையில் வேலை செய்தவரிடம் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். அதை எடுத்துவிட்டேன். லொறியை எங்கே நிறுத்துவது என்பதை அவரைத் தவிர யாரும் அப்படிச் சொல்லப் போவதில்லை. அது நின்றது.

மிகவும் யோசிக்கவைத்தது 2004 டிசம்பர் 26. கடற்கோள் வந்த அன்று துறையில் என்ன நடந்தது என்று அவர் 900 சொல் அளவுக்குச் சொன்னார். இடையில் பேச்சு நின்றது, தண்ணீர் குடித்தார், மறுபடி சொன்னார். இருக்கும் 520இல் அதற்கு எவ்வளவு கொடுப்பது? முழுதும் கொடுத்தால் அது பாதைத் தொழிலைப் பற்றிய பக்கமாக இருக்காது. ஒரு வசனம் மட்டும் வைப்போமா என்று எழுதிப் பார்த்தேன்: "சுனாமியில பாதையும் போச்சு, ஆக்களும் போச்சு." தொழில் விவரத்துக்கு நடுவில் அது தகவல் போல வந்துவிட்டுப் போனது. அதைப் படிக்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. இப்படிப்பட்ட ஒன்றுக்கு ஒன்றில் அதற்குரிய இடம் கொடுக்க வேண்டும், அல்லது முழுதாக விடவேண்டும். தொட்டுவிட்டு நகர்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். நான் விட்டேன். ஆனால் சொன்னவருக்குத் தெரியாமல் விட மனம் வரவில்லை, தொலைபேசியில் கேட்டேன். "அது வேணுமெண்டா வேறயா எழுதுங்க மகள். லொறியோட சேர்த்து எழுத வேணாம்" என்றார். அதன் பிறகு தயக்கம் இருக்கவில்லை.

இனி வைத்துக்கொள்ள முடிவு செய்த பகுதியைச் சுருக்குவது. ஒன்றை மட்டும் காட்டுகிறேன். வண்டி ஏற்றுவதைப் பற்றி அவர் சொன்னது இது:

"என்னண்டா மகள், பாதையில முதல்ல லொறிய ஏத்தக்கூடாது. இப்ப வந்து, லொறி வந்து நிக்குது, பின்னால பஸ் நிக்குது. எல்லாரும் சத்தம் போடுவாங்க, நாங்கதான் முதல்ல வந்தம் எண்டு. வந்தது சரிதான். ஆனா பாரம் ஒரு பக்கம் ஏறினா பாதை சரியும். விளங்குதா? லொறிய நடுவில வைக்கணும். அதுக்கு முதல்ல ஒரு வேன், ஒரு கார், அப்பிடிச் சின்னதா ஏத்தி, பிறகு லொறி. ஆனா அத அவங்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த நேரமில்ல. அதனால நான் என்ன செய்வன் எண்டா, லொறி ட்ரைவரக் கூப்பிட்டு, 'தம்பி, நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க' எண்டு சொல்லுவன். அவர் கடைக்குப் போற நேரத்தில மத்தத ஏத்திருவன்."

இது 72 சொல். முதலில் பாரத்தைப் பற்றிய விளக்கத்தையும் தேநீரையும் மட்டும் வைத்து 29க்கு இறக்கிப் பார்த்தேன்:

"பாரம் ஒரு பக்கம் ஏறினா பாதை சரியும். லொறிய நடுவில வைக்கணும். ஆனா அத விளங்கப்படுத்த நேரமில்ல. லொறி ட்ரைவரக் கூப்பிட்டு, 'தம்பி, நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க' எண்டு சொல்லுவன். அவர் கடைக்குப் போற நேரத்தில மத்தத ஏத்திருவன்."

சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் படித்துப் பார்த்தால் தேநீர் குடிக்கச் சொன்னது சும்மா ஒரு உபசாரம் போலத் தெரிந்தது. அவர் அதைச் சொன்னதே சண்டையைத் தவிர்க்கத்தான். சண்டை என்ன என்று வாசகருக்குத் தெரியாவிட்டால் அவருடைய கெட்டித்தனமும் தெரியாது. ஆகவே "எல்லாரும் சத்தம் போடுவாங்க, நாங்கதான் முதல்ல வந்தம் எண்டு" என்ற ஏழு சொல்லையும் முன்னால் திரும்பச் சேர்த்தேன். 36. மூலத்தில் சரிபாதி.

இந்த ஏழு சொல்லைத் தனியாகப் பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. ஆனால் அது இல்லாமல் பின்னால் வரும் நல்ல வசனம் நிற்காது. எந்த வசனத்தை வைத்துக்கொண்டாலும், அது விளங்க எந்த வசனம் தேவை என்று பார்த்து அதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். தேநீர் வசனத்தின் விலை 16 சொல் அல்ல, 36 சொல். அந்த விலைக்கு அது பெறுமதியா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். தண்ணீர் இழுக்கும் நேரத்தைக் கண்டுபிடிப்பது பற்றி அவர் சொன்ன ஒரு வசனம் இதைவிட அழகு. ஆனால் அது விளங்க, துறைவாய் எப்படி அமைந்திருக்கிறது, தம்பலகாமக் குடாவின் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வாடைக் காலத்தில் என்ன மாறும் என்று 150 சொல் முன்னால் போட வேண்டியிருந்தது. அதை விட்டு, அவர் கரையோரம் மிதக்கும் பாசியைப் பார்த்து இழுவையைச் சொல்லும் பகுதியை மட்டும் வைத்தேன். அதற்கு முன்விளக்கம் வேண்டியதில்லை.

மேலே உள்ள 36இல் நான் சேர்த்த சொல் ஒன்றும் இல்லை, ஒழுங்கையும் மாற்றவில்லை. எடுத்தது மட்டும்தான். அவருடைய குரலில் போடும் பகுதிக்கு இதையே விதியாக வைத்துக்கொண்டேன். 14ஆம் நிமிடத்தில் சொன்னதையும் 58ஆம் நிமிடத்தில் சொன்னதையும் ஒரே பத்திக்குள் ஒட்டவில்லை. அப்படி ஒட்டினால் அவர் சொல்லாத காரண காரியம் ஒன்று நடுவில் முளைக்கும். இடம் மாறினால் பத்தியும் மாறும். அறிமுகத்தின் கடைசியில் "நீண்ட உரையாடலிலிருந்து சுருக்கியது" என்று மூன்று சொல் போட்டேன். அந்த மூன்று சொல்லைச் சேமிக்க எந்த நெருக்கடியிலும் நான் சம்மதிக்க மாட்டேன்.

சுருக்கும்போது கை முதலில் போவது "நினைக்கிறன்", "எண்டு சொல்லுவாங்க", "சரியா ஞாபகமில்ல" போன்றவற்றில். பேச்சு வழக்கின் பதர் போல அவை தெரியும். காக்கா ஓரிடத்தில் சொன்னார்: "ஒரு நாளைக்கு இருநூறு வண்டி வரும் எண்டு நினைக்கிறன், கணக்கெடுத்ததில்ல." கடைசிச் சொல்லையும் "எண்டு நினைக்கிறன்" என்பதையும் எடுத்தால் மூன்று சொல் மிச்சம். வசனமும் கம்பீரமாக நிற்கும். ஆனால் அதோடு ஒரு மனிதரின் ஊகம் அச்சில் புள்ளிவிவரமாகிவிடும். நாளைக்கு ஒருவர் அதையே மேற்கோள் காட்டலாம். சந்தேகத்தோடு சேர்த்து வை, அல்லது எண்ணையே விடு. நான் எண்ணை விட்டேன். அந்த எண் இல்லாமலே, ஏற்றும்போது வந்த சத்தத்தில் கூட்டம் தெரிகிறது.

கேள்விகளை எடுக்கும்போதும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. நூலில் அவர் தானாகப் பேசுவது போல வரவேண்டும் என்பதால் என் கேள்விகளுக்கு இடமில்லை. "பாலம் வந்ததால உங்களுக்குக் கவலையா இருந்ததா?" என்று நான் கேட்டேன். "கவலை எண்டில்ல" என்றார் அவர். கேள்வி இல்லாமல் "கவலை எண்டில்ல" என்று மட்டும் போட்டால், யாரோ சொன்ன குற்றச்சாட்டுக்கு அவர் பதில் சொல்வது போலத் தெரியும். இன்னோரிடத்தில் "அப்ப அந்தக் காலம் நல்லது எண்டுறீங்களா?" என்று கேட்டதற்கு "ஓம் ஓம்" என்றார். என் வசனத்துக்கு அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். "அந்தக் காலம் நல்லது" என்று அவர் சொன்னதாகப் போட எனக்கு உரிமை இல்லை. ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே, நான் கேள்வி கேட்காமலே அவராகத் திரும்பி வந்த இடங்களை மட்டும் குறித்துப் பார்த்தேன். வண்டி ஏற்றும் ஒழுங்குக்கு அவராகவே மூன்று முறை வந்தார். கவலைக்கு ஒருமுறையும் வரவில்லை. பாலம் திறந்த அன்று, திறந்த கையோடு சைக்கிளில் அக்கரைக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினதை, கேட்காமலே சிரித்துக்கொண்டு சொன்னார். கடைசிப் பத்தி அதுவானது.

இவ்வளவும் செய்து முடிக்க 571 இருந்தது. 51 கூட. இந்தக் கட்டத்தில் எல்லா வசனத்திலும் ஒவ்வொரு சொல்லாகச் சுரண்டலாம் என்று தோன்றும். ஐந்து, பத்து என்றால் சுரண்டலாம். ஐம்பது என்றால் அப்படிச் சுரண்டினதும் பேச்சின் ஓசை போய்விடும், எல்லா வசனமும் தந்தி போல நிற்கும். ஒரு முழு விஷயத்தைத் தூக்குவது நல்லது. அவர் வேலைக்குச் சேர்ந்த கதை 40 சொல், அதைத் தூக்கினேன். மிச்சம் 11ஐச் சுரண்டினேன்.

தமிழில் இந்த நேரம் ஒரு குறுக்கு வழி கண்ணில் படும். "ஏத்தக் கூடாது" இரண்டு சொல், "ஏத்தக்கூடாது" ஒன்று. "வந்து கொண்டு இருந்தோம்" மூன்று, சேர்த்தெழுதினால் ஒன்று. இடம் விடாமல் எழுதினால் எண்ணிக்கை இறங்கும். ஆனால் பக்கத்தில் இடம் அவ்வளவாக மிச்சமாகாது. அதோடு, ஒடுக்கமான பத்தியில் நீளச் சொல் வரி முடிவில் அடங்காமல் அடுத்த வரிக்கு இறங்கும், மேல் வரியில் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டை விழும். நூல் முழுதுக்கும் எப்படிச் சேர்த்தெழுதுவது என்று அண்ணா ஒரு வழக்கம் வைத்திருந்தார். அதன்படியே எழுதி எண்ணினேன்.

அச்சுக்குப் போகுமுன் காக்காவுக்கு முழுதையும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். லொறி ட்ரைவர் பகுதியில் சிரித்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் சரி மகள். என்னோட வேலை செஞ்ச ஆக்கள்ட பேர் இல்லையே" என்றார். உரையாடலின் தொடக்கத்தில் நாலு பேரின் பெயரைச் சொல்லியிருந்தார். அவர்களில் இருவர் இப்போது இல்லை. பெயர்ப்பட்டியல் வாசகருக்கு ஒன்றும் சொல்லாது என்று முதல் வாசிப்பிலேயே அதை விட்டிருந்தேன். வாசகரைப் பொறுத்தவரை அது சரியான கணக்குத்தான். ஆனால் நூல் வந்தால் அதை முதலில் கையில் எடுக்கப்போவது அந்த நாலு வீட்டுக்காரர். "அவங்களும் நானும் சேர்ந்துதான்" என்ற அவருடைய வசனத்தோடு நாலு பெயரும் சேர்ந்து ஏழு சொல். அதற்கு ஈடாகப் பாசி பகுதியில் இருந்த ஒரு வசனத்தை எடுத்தேன். அது எனக்குப் பிடித்த வசனம், அவருக்கு அது போனது தெரியவும் இல்லை. மொத்தம் 598இல் நின்றது. முழு எழுத்துப் பிரதியையும் ஒலிப்பதிவையும், சுனாமிப் பகுதி உட்பட, ஒரு பென் டிரைவில் போட்டு அவருடைய பேரனிடம் கொடுத்தேன்.